ஷீட் கூரை போடப் போறீங்களா? "சரிவுக்கு ஒன்றரை மடங்கு" என்று சொன்னால் டேப்பைக் கையில் எடுங்கள்

தென்காசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போன ஏப்ரலில் கலர் ஷீட் போட்டேன். ஜூனில் சாரல் ஆரம்பித்த முதல் வாரமே மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் உள்பக்கமாக நனைந்து, தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கியது. புது ஷீட்டில் ஓட்டை இருக்கிறதோ என்று வாளியோடு தேடினேன். ஓட்டையே இல்லை. குறை அளவில் இருந்தது, அதைவிடப் பெரிய குறை பில்லில் இருந்தது. கொட்டேஷன் கையில் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மாடி 24 அடி அகலம், 36 அடி நீளம். நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு. நடு ஏற்றம் 5 அடி. கிழக்கு மேற்குத் தாழ்வாரம் இரண்டும் சுவரைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே வர வேண்டும், முன்னும் பின்னும் ஒவ்வோர் அடி. பேசியது இவ்வளவுதான். பைப், ஷீட், கூலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 210 ரூபாய். அந்த வெல்டிங்காரர் ஒரு துண்டுத் தாளில் 24ஐயும் 36ஐயும் பெருக்கி 864 என்று எழுதினார். பக்கத்தில் "× 1½" என்று போட்டு 1,296 ஆக்கினார்.

"ஒன்றரை எதுக்கு?" என்றேன்.

"சரிவு இருக்குல்லா அண்ணாச்சி. சரிவுக்கு ஒன்றரை மடங்கு எடுக்கும். எல்லாருக்கும் அதான் போடுதோம்."

சரிவு என்றால் தரைக்கணக்கைவிடக் கூடத்தானே வரும் என்று தலையாட்டிவிட்டேன். மொத்தம் 2,72,160 ரூபாய். நல்லவேளை, இரண்டு லட்சத்துக்குமேல் உடனே கொடுக்கவில்லை.

ஜூனில் நனைந்த சுவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெரு ஆசாரியாரைக் கூப்பிட்டேன். ஓட்டு வீடுகளுக்குக் கைமரம் அறுத்துப் போட்ட கை அவருடையது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். மேலே வந்தவர் ஷீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏத்தம் எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். "அஞ்சு அடி தாத்தா." "பாதி அகலம்?" "பன்னெண்டு." உடனே சொன்னார்: "அப்போ கைமரம் பதிமூணு. எங்கூட்டு மூலைமட்டமே அதுதானே."

மூன்று, நான்கு, ஐந்து வைத்து மூலைமட்டம் பார்ப்பதை வீடு கட்டியவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 5, 12, 13 அதே குடும்பம். பாதி அகலம் கிடைமட்டம், ஏற்றம் செங்குத்து, கைமரம் சாய்வு. 12ஐ 12ஆல் பெருக்கினால் 144, 5ஐ 5ஆல் பெருக்கினால் 25, கூட்டினால் 169, அதன் வர்க்கமூலம் 13. அதாவது என் கூரைக்குச் சரிவு கூட்டுவது 12 அடிக்கு ஒரே ஓர் அடி. மடங்காகச் சொன்னால் 1.083. ஒன்றரை எங்கே, இது எங்கே!

அன்று ராத்திரி திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மடங்கு உண்மையாக வேண்டுமென்றால் 12 அடிக்குக் கைமரம் 18 அடி வர வேண்டும். அதற்கு நடு ஏற்றம் 13 அடி 5 அங்குலம். மாடிமேல் இன்னொரு மாடி உயரம்! 45 டிகிரி சரித்தால்கூட 1.41 மடங்குதான் வரும். ஷீட் கூரையை யாரும் அவ்வளவு சரித்துப் போடுவதில்லை. 12 அடிக்கு 4 அடி ஏற்றம் என்றால் கைமரம் 12 அடி 8 அங்குலம், 6 அடி ஏற்றம் என்றால் 13 அடி 5 அங்குலம். ஊரில் போடும் ஷீட் கூரைகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

இனி தாழ்வாரம். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஒன்றரை அடி வெளியே நீட்ட வேண்டும் என்பது கிடைமட்ட அளவு. ஷீட் சரிவில்தானே போகிறது, அதனால் இதையும் 1.083ஆல் பெருக்க வேண்டும்: 1 அடி 7½ அங்குலம். கைமரம் 13 அடியோடு சேர்த்தால் முகட்டு நடுவிலிருந்து தாழ்வார நுனிவரை 14 அடி 7½ அங்குலம். உச்சியில் இரண்டு பக்க ஷீட்டும் முட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டால் மேலே வரும் முகட்டுத் தகடு மூடிக்கொள்ளும். ஆக, ஆர்டர் செய்ய வேண்டிய ஷீட் நீளம் 14 அடி 6 அங்குலம். கலர் ஷீட்டைக் கேட்ட நீளத்துக்கே வெட்டித் தருகிறார்கள். கல்நார் ஷீட் மாதிரி கடையில் இருக்கிற நீளத்துக்குள் மாரடிக்க வேண்டியதில்லை.

எனக்கு வந்த ஷீட்டை அளந்தேன். 13 அடி 6 அங்குலம். பன்னிரண்டும் ஒன்றரையும் பதிமூன்றரை! பில் போடும்போது ஒன்றரை மடங்கு கண்ட சரிவு, ஷீட் வாங்கப் போகும்போது மட்டும் மட்டத் தரையாகிவிட்டது. பைப்பையும் அதே அளவுக்குத்தான் அறுத்திருந்தார். சுவரைத் தாண்டி 18 அங்குலம் நிற்க வேண்டிய தாழ்வாரம் 7 அங்குலம்தான் நின்றது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேலைக்காற்று சாரலை நேராகக் கீழே விடாது, படுக்கப்போட்டு அடிக்கும். 7 அங்குலம் அதற்கு ஒரு மறைப்பே இல்லை.

ஷீட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றும்போது கடைச் சலான் ஒன்று கிடைத்தது. "13.6 × 22" என்று நீல மையில் எழுதியிருந்தது. (கடையில் 13.6 என்றால் 13 அடி 6 அங்குலம். கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் 13 அடி 7 அங்குலம் ஆகிவிடும், கவனம்.) அந்த 22 அடுத்த ஏமாற்று. மல்லாக்கப் படுத்துக்கொண்டு கீழேயிருந்து எண்ணினேன். பக்கத்துக்குப் பதினொன்று.

கூரை நீளம் 36 அடி, முன்னும் பின்னும் ஒவ்வோர் அடி, மொத்தம் 38. ஷீட் அகலம் மூன்றரை அடி என்று கடையில் சொல்வார்கள். 38ஐ 3½ஆல் வகுத்தால் 10.86, பதினொன்று போதும் என்று தோன்றும். ஆனால் ஒரு ஷீட்டின் ஓர நெளி அடுத்த ஷீட்டின் ஓர நெளிமேல் ஏறி உட்கார வேண்டும். அந்த இடத்தில் இரண்டு ஷீட் மூடுவது ஒரே இடத்தைத்தான். என் ஷீட் முழு அகலம் 1,070 மில்லிமீட்டர், மூடும் அகலம் 1,000, அதாவது 3 அடி 3½ அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 38 அடி என்பது 11.58 மீட்டர். மீட்டருக்கு ஒன்று வீதம் 12 ஷீட் வேண்டும், இரண்டு பக்கத்துக்கு 24. பதினொன்று போட்டால் 36 அடி 4 அங்குலம்தான் மூடும். எனக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான். ஷீட்டுக்கு ஷீட் இந்த மூடும் அகலம் மாறும். கடையில் கேட்டால் சொல்வார்கள், இல்லாவிட்டால் இரண்டு ஷீட்டை நெளிமேல் நெளி வைத்து அளந்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வெல்டிங்காரரை வரச் சொன்னேன். சரியாகப் போட்டிருந்தால்கூடக் கூரைப் பரப்பு 14 அடி 7½ அங்குலம் பெருக்கல் 38, இரண்டு பக்கம், சுமார் 1,112 சதுர அடி. அவர் போட்டிருப்பது 981. பில் 1,296. 315 சதுர அடி காற்றில் போயிருக்கிறது, 66,150 ரூபாய்.

முதலில் கோபப்பட்டார். பிறகு, "மேலே ஏறுற ஓரமும் நான் காசு குடுத்து வாங்கினதுதானே அண்ணாச்சி, அதை யார் தருவா?" என்றார். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மூடிய பரப்புக்குப் பில் போடுபவர்களும் இருக்கிறார்கள், வாங்கிய ஷீட்டின் முழுப் பரப்புக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது முறை என்றால் ரேட்டைக் குறைத்துப் பேச வேண்டும், எந்த முறை என்று முதலிலேயே தாளில் எழுதவும் வேண்டும். நான் எழுதவில்லை. சரி, அவர் முறையிலேயே போடலாம் என்று சலானை எடுத்தேன். 22 ஷீட், 13½ அடி, மொத்த நீளம் 297 அடி. மூன்றரை அடி அகலத்தால் பெருக்கினால் 1,040 சதுர அடி. அப்போதும் 1,296 வரவில்லை. சரியான அளவில் 24 ஷீட்டும் வாங்கிப் போட்டிருந்தால்கூட 1,218தான்.

சலானைப் பார்த்த பிறகு அவர் அதிகம் பேசவில்லை. 1,040க்கு 2,18,400 என்று முடித்து, மீதி 18,400 கொடுத்தேன். பாக்கிப் பணம் என் கையில் இருந்ததால் நடந்தது இது. முழுப் பணமும் கொடுத்திருந்தால் அவர் படியேறி வந்திருக்கவே மாட்டார்.

ஏற்றத்திலும் கை வைத்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. முகட்டைத் தாழ்த்திவிட்டால் குட்டை ஷீட்டிலேயே தாழ்வாரம் சரியாக நின்றுவிடும், யாருக்கும் தெரியாது. அதை ஆசாரியார் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டார். இரண்டடி ரசமட்டத்தின் ஒரு நுனியைச் சாய்வுப் பைப்பின் அடியில் மேல்பக்கமாக ஒட்டி வைத்து, குமிழி நடுவில் நிற்கும்போது மறு நுனியைத் தாழ்வாரப் பக்கம் நீட்டினார். "இடிக்குது பார்" என்றார். பைப் கீழே இறங்குவதால் அங்கே மட்டம் நுழையாது. பிறகு சிரித்துக்கொண்டே ஷீட்டின் மேற்பக்கம் வைத்தார். முகட்டுப் பக்க நுனி ஷீட்டில், தாழ்வாரப் பக்க நுனி அந்தரத்தில். அந்தர நுனியிலிருந்து நேர் கீழே ஷீட்வரை டேப் பிடித்தால் 10 அங்குலம். 24க்கு 10 என்றால் 12க்கு 5. ஏற்றம் சரிதான். அதில் அவர் கை வைக்கவில்லை.

இப்போது மேற்குப் பக்கத்துக்கு மட்டும் இரண்டடித் துண்டு பதினொன்று வெட்டச் சொல்லியிருக்கிறேன். ஓர் அடி வெளியே தெரியும், மீதி பழைய ஷீட்டுக்கு அடியில் போகும். மேலே வைத்துத் திருகினால் வேலை சுலபம் என்று ஒருவர் சொன்னார். வைத்தால் முகட்டிலிருந்து ஓடி வரும் தண்ணீர் அந்த விளிம்பில் முட்டி உள்ளே இறங்கும், அதனால் அடியில்தான் சொருக வேண்டும். சொருகுவதற்குத் தாழ்வார ஓரத் திருகுகளைக் கழற்ற வேண்டும், சாய்வுப் பைப்புகளை ஓர் அடி நீட்டி வெல்டிங் வைக்க வேண்டும், நுனியில் ஒரு குறுக்குப் பைப் ஓட வேண்டும். கிழக்குப் பக்கம் சாரல் அடிப்பதில்லை, அது 7 அங்குலத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். துணிக்கொடியை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டியாயிற்று.