வளையும் சோலா, கெட்டி சோலா? பெருவிரலைக் கேட்டு வாங்குங்கள்

காசிமேட்டில் விடியலிலிருந்து நின்று மீன் விற்பவர்களும் ராயபுரத்தில் காலை நடை போகிறவர்களும் காலணி வாங்கும்போது தயங்குவது, எளிதில் வளையும் சோலா, முனை மேல்நோக்கி உருண்ட கெட்டி சோலா என்பதில்தான்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று பாதத்தின் அடியில் ஓடுகிறது. குதிகால் எழும்பும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்குவதால், விசைப்படகின் வின்சில் கயிறு சுற்றுவதுபோல் அந்தப் பட்டை விரலின் அடிமூட்டைச் சுற்றி இழுபடுகிறது. அது அதிகம் நீளாது என்பதால் குதிகாலும் முன்பாதமும் நெருங்கி, பாத வளைவு உயர்ந்து இறுகுகிறது. ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இதை 1954இல் விவரித்தார்.

உந்தும்போது: வளையும் சோலில் விரல் தாராளமாக மடங்கி வளைவை இறுக்கும். கெட்டி சோலில் அந்த மடங்கல் குறையும். உருண்ட முனையே உடலை முன்னே நகர்த்தும்.

வலி இருந்தால்: வளையும் சோல் பெருவிரலின் தேய்ந்த அடிமூட்டை ஒவ்வொரு அடியிலும் மடக்கும். கெட்டி சோல் மூட்டுக்கும் பட்டைக்கும் இழுவையைக் குறைக்கும்.

பழக: முன்னது எளிது; பின்னதற்குச் சில நாள் ஆகும்.

வாங்குமுன் நேராக நில்லுங்கள். வேறொருவர் உங்கள் பெருவிரலை மெல்லத் தூக்கட்டும். வளைவு எழும்பி விரலும் வலியின்றி மடங்கினால் வளையும் சோலே போதும். உட்கார்ந்தாலும் விரல் மடங்காமல் மூட்டின் மேற்புறம் வலித்தால் கெட்டி சோல்தான் பொருந்தும். உட்காரும்போது மடங்கி, நிற்கும்போது மட்டும் இறுகினால், அது மூட்டுத் தேய்மானமாக இருக்க வேண்டியதில்லை. எலும்பு மருத்துவரிடம் காட்டிய பிறகு வாங்குவதே சரி.