நம்பர் இல்லாத மின் ஸ்கூட்டர், பச்சை நம்பர் மின் ஸ்கூட்டர்: எதை வாங்கலாம்?

ஓய்வுபெற்ற என் அத்தான் சென்ற மாதம் ஒரு மின் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டவிருந்தார். லைசென்ஸ் வேண்டாம், ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம் என்றார் விற்பனையாளர். இவற்றோடு, "45 கிலோமீட்டர் வேகம் போகும் சார்" என்ற வாக்குறுதியும் வந்தது. இந்தச் சலுகைகளும் அந்த வேகமும் ஒரே வண்டியில் சட்டப்படி சேர்ந்திருக்க முடியாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விலக்கு உண்டு. மோட்டார் முப்பது நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரியை நீக்கிய எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால், அந்த இருசக்கர வண்டி மோட்டார் வாகனமே அல்ல. அதனால்தான் பதிவு, ஓட்டுநர் உரிமம், கட்டாய இன்சூரன்ஸ் மூன்றும் விலகுகின்றன. ஆனால் கடைக்காரர் சொன்னால் விலக்கு கிடைக்காது. விதி 126-இல் குறிப்பிட்ட சோதனை நிறுவனம் ஒன்று அந்த மாடலைச் சோதித்துச் சான்று தந்திருக்க வேண்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட் போன்றவை அத்தகைய நிறுவனங்கள்.

அத்தானிடம் காட்டிய விளம்பரத் தாளிலும் "250 வாட்" என்றே அச்சிட்டிருந்தது. ஒருவரைச் சுமந்து 45 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் ஓடவே ஏறத்தாழ ஒரு கிலோவாட் தேவைப்படும், ஏனென்றால் வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு மிக வேகமாக ஏறுகிறது. ஆகவே தாளில் உள்ள எண்ணோ, வாய்ச்சொல்லோ, ஒன்று பொய். எடையையும் பார்த்தோம். மொத்தம் 92 கிலோ, பேட்டரி 24 கிலோ என்று அதே தாள் சொன்னது. கழித்தால் 68. விலக்கின் வரம்பை வண்டி அங்கேயே தாண்டிவிட்டது.

உண்மையான குறைந்த வேக வண்டிக்கு நான் எதிரியல்ல. கடைத்தெரு, கோயில், ரேஷன் கடை என்று இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் தனியாகப் போய்வருபவருக்கு அது போதும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் திணறும். லாரிகள் ஓடும் சாலையில் 25 கிலோமீட்டர் வேகம் ஆபத்தானது. அப்படிப்பட்ட வழியில் தினமும் வேலைக்குப் போகிறவர் பதிவு செய்யப்பட்ட பச்சை நம்பர் வண்டியைத்தான் வாங்க வேண்டும். அதற்கு கியர் இல்லாத இருசக்கர வாகன உரிமமே போதும். கியர் வண்டிக்கான உரிமம் வைத்திருப்பவரும் ஓட்டலாம். பதிவு வேலையைப் பெரும்பாலும் விற்பனையாளரே முடித்துத் தருகிறார். தனியார் வண்டியின் பலகை பச்சை, எழுத்து வெள்ளை.

எனக்குக் கோபம் வருவது இந்த இரண்டுக்கும் நடுவே விற்கப்படும் மூன்றாவது வகை மீதுதான். சான்று குறைந்த வேக மாடலுக்கு இருக்கும். டெலிவரிக்குப் பிறகு, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ஒரு ஒயரைப் பிரித்து வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். அந்த நொடியிலேயே அது பதிவில்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவின்றி ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம், உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய். இதைவிடப் பெரிய சுமை விபத்தில் இருக்கிறது: மூன்றாம் நபர் காப்பீடு இல்லாததால், அடிபட்டவருக்கான இழப்பீடு வண்டிக்காரரின் கையிலிருந்தே போக வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு இதை வாங்கித் தரும் பெற்றோர் இன்னும் கவனிக்க வேண்டும். சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 199ஏ பிரிவு பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கிறது.

நம்பர் இல்லாத வண்டியை வாங்குவதானால் சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள மாடல் பெயரும் வேரியன்ட்டும் வண்டியில் உள்ளதோடும் பில்லில் எழுதப்படுவதோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் வேகமான வேரியன்ட்டும் விற்கப்படலாம் என்பதால், பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. பிறகு ஓட்டிப் பாருங்கள். ஸ்பீடோமீட்டரை நம்பாமல், செல்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தைப் பின்னால் வேறொரு வண்டியில் வருபவர் பார்க்கட்டும். எல்லா மோடுகளிலும் 25-ஐத் தொடாமல் நிற்க வேண்டும். பச்சை நம்பர் வண்டியென்றால், எண் கிடைத்ததும் mParivahan செயலியில் உரிமையாளர் பெயர், எரிபொருள் வகை, இன்சூரன்ஸ் முடியும் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

அத்தான் சான்றைக் கேட்டார். "தலைமை அலுவலகத்திலிருந்து வரும்" என்று மூன்று நாள் இழுத்தார்கள்; வரவில்லை. அவருடைய பழைய உரிமம் இன்னும் செல்லுபடியாகிறது. பதிவுள்ள வண்டி ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டார்.