ரெண்டரில் பளபளத்த விளிம்பு, ஃபைலில் இல்லை: 18,500 ரூபாய் போனது

நேற்று இரவு பணத்தை விடுவித்தேன், இன்று காலை ஃபைலைத் திறந்தேன். 18,500 ரூபாய். ஃப்ரீலான்சர்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு தளம், அதில் நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் ஒரு 3டி மாடலர். பெயர் எதையும் எழுதப் போவதில்லை. இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் தெரிந்தவர்களே இதில் விழலாம்.

வேலை இதுதான். கையில் பிடிக்கும் டிரில் மெஷினின் மோட்டார் கூடு. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, இரு பக்கமும் காற்றுப் போக நீளவாக்கில் துளைகள், ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலம், எல்லா வெட்டு விளிம்பிலும் 0.5 மி.மீ. பெவல், அதாவது கூர்மை போக விளிம்பை மழுக்குவது. வெப் பக்கத்தில் சுழற்றிப் பார்க்க GLB ஃபைலும் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தேன்.

நம்பவைத்தது மூன்று ரெண்டர் படங்கள். துளைகளுக்கு வெகு அருகில் எடுத்த படத்தில் ஒவ்வொரு விளிம்பிலும் மெல்லிய வெளிச்சக் கோடு ஓடியது. கூர் விளிம்பில் அந்தக் கோடு வராது, வளைவு இருந்தால்தான் வரும். அதைப் பார்த்துத்தான் ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன்.

ஃபைலில் பெவல் மாடிஃபையரே இல்லை. மெஷ்ஷிலும் ஒரு பெவல் முகம் கிடையாது. மெட்டீரியலைத் திறந்தால் Normal உள்ளீட்டில் Bevel நோடு மாட்டியிருக்கிறது. இந்த நோடு சைக்கிள்ஸ் ரெண்டரில் மட்டும் வேலை செய்யும். விளிம்புக்குப் பக்கத்தில் நார்மலை, அதாவது பரப்பு பார்த்து நிற்கும் திசையை, ரெண்டருக்கு மட்டும் மாற்றி வளைவு போலக் காட்டும், வடிவத்தில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தாது. பிளெண்டரின் இன்னொரு ரெண்டரான ஈவீயில் மறைந்துவிடும், GLB ஏற்றுமதியிலும் போகாது. இந்த நோடை வைத்து நார்மல் மேப் பேக் செய்து கொடுப்பது நேர்மையான வேலை. அந்த மேப்பும் ஃபைலில் இல்லை. வெப்பில் ஏற்றியதும் எல்லா விளிம்பும் பிளேடு போல நிற்கிறது, துளைகளைச் சுற்றிக் கரித்துணியால் துடைத்தது போல நிழல் திட்டுகள்.

உடனே எழுதினேன். முதல் பதில்: "உங்க கிராபிக்ஸ் கார்டு பிரச்சினை ப்ரோ." அடுத்தது: "ஷேட் ஸ்மூத் போடுங்க." போட்டால் கறை இன்னும் கூடும். 90 டிகிரியில் சந்திக்கும் வெளிப்பரப்பையும் துளைச் சுவரையும் சேர்த்து அது நார்மலைச் சராசரி எடுக்கிறது, விளிம்புப் புள்ளி இரண்டுக்கும் நடுவே சாய்ந்துவிடுகிறது. மூன்றாவது பதில்: "ஆட்டோ ஸ்மூத் ஆன் பண்ணுங்க." அந்த அமைப்பு 2024-இல் வந்த 4.1 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது, அவர் அனுப்பிய ஃபைலோ 4.2. தளத்தின் உதவிப் பிரிவு இரண்டே வரியில் முடித்துவிட்டது: ஃபைல் திறக்கிறது, படத்தில் இருப்பது போல ரெண்டர் ஆகிறது, புகார் மூடப்படுகிறது. 18,500 ரூபாய்க்கு இரண்டு வரி.

சரி, நானே பெவல் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. மாடிஃபையரில் 0.5 கொடுத்தேன், விளிம்பு அசையவே இல்லை. காரணம் Clamp Overlap. எங்காவது ஓரிடத்தில் இடமில்லை என்றால், மோதல் வராமலிருக்க எல்லா இடத்திலும் பெவலைச் சுருக்கிவிடும். அதை எடுத்துவிட்டால் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன.

இடம் ஏன் இல்லை? உருளைக்கு 32 பக்கங்கள், அதாவது பக்கத்துக்கு 11.25 டிகிரி. 35 மி.மீ. ஆரத்தில் ஒரு பக்கத்தின் அகலம் சுமார் 6.86 மி.மீ. நடுவில் 3 மி.மீ. துளை போட்டால் இரு புறமும் 1.93 மி.மீ. மிஞ்சும், 0.5 பெவலுக்குத் தாராளம். ஆனால் இவர் துளைகளை 10 டிகிரி இடைவெளியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு துளையும் தன் பக்கத்தின் நடுவிலிருந்து 1.25 டிகிரி, ஏறக்குறைய 0.76 மி.மீ., விலகிக்கொண்டே போகிறது. இரண்டாவது துளைக்கு 1.17 மிஞ்சுகிறது, மூன்றாவதுக்கு 0.4 தான். நான்காவது உருளையின் விளிம்புக் கோட்டையே தாண்டி வெட்டிவிட்டது. அங்கே, ஒரு வடிவத்தால் இன்னொன்றை வெட்டும் பூலியன் விட்டுச்சென்ற துணுக்கு விளிம்புகள்தான் மொத்தப் பெவலையும் பிடித்து நிறுத்துகின்றன. இடைவெளியை 11.25 ஆக்கி, முதல் துளையைப் போல ஒவ்வொன்றையும் தன் பக்கத்தின் நடுவில் உட்கார வைத்திருந்தால் எல்லாம் சரியாக வந்திருக்கும். இப்போது அதைச் செய்ய முடியாது. பூலியனை அப்ளை செய்துவிட்டு, வெட்டிய வடிவங்களையும் அழித்துவிட்டுத்தான் ஃபைலை அனுப்பியிருக்கிறார். கூட்டை முதலிலிருந்து நானே செய்தேன்.

துளை சரியான இடத்தில் விழுந்தாலும் நிழல் கறை முழுதாகப் போகாது, இதைச் சொல்லியாக வேண்டும். தட்டைப் பரப்பில் வெட்டினால் Weighted Normal மாடிஃபையர் போதும். பெரிய முகத்துக்கு அதிக எடை கொடுத்து, மெல்லிய பெவல் முகம் நார்மலை இழுக்காமல் தடுக்கும். உருளையில் அது உதவாது. வெட்டுப்பட்ட பக்கமும் முழுப் பக்கமும் வெவ்வேறு பரப்பளவு, எடையும் வேறாகிறது, வெளிச்சம் அலையடிக்கிறது. துளை ஓரத்துப் புள்ளிகள் தட்டையான பக்கத்தின் நடுவில் இருப்பதால் நார்மலும் தட்டையாக நிற்கும், உருளையின் வளைவை அவை அறியாது.

அதற்கு வெட்டப்படாத உருளையின் நகல் வேண்டும். அதன் இரு மூடிகளையும் நீக்கி ஷேட் ஸ்மூத் போட வேண்டும், மூடி இருந்தால் ஓரத்து நார்மல்கள் சாய்ந்துவிடும். வெட்டிய கூட்டில் முதலில் பூலியன், பிறகு பெவல், இரண்டையும் ஒரு நகலில் அப்ளை செய்துகொள்ளுங்கள். வெளி வளைவு முகங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வெர்டெக்ஸ் குரூப்பில் சேருங்கள். பெவல் முகங்களையும் துளைச் சுவர்களையும் விட்டுவிடுங்கள். அதன்பின் Data Transfer மாடிஃபையர், மூலமாக அந்தச் சுத்த உருளை, Face Corner Data-வில் Custom Normals, மேப்பிங் Nearest Face Interpolated, கீழே அந்தக் குரூப். துளை ஓரத்துப் புள்ளிகள் இப்போது உருளையின் நார்மலை வாங்கிக்கொள்ளும். பெவலின் வெளி ஓரமும் அதே புள்ளிகளைப் பகிர்வதால் வளைவு தொடர்ச்சியாக இறங்கும். கறை போகவில்லை என்றால், பழைய நார்மல் தரவு மெஷ்ஷில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். Clear Custom Split Normals Data அழுத்திவிட்டு மறுபடி செய்யுங்கள்.

ஒரு நாள் முழுக்க இதிலேயே போய்விட்டது. 18,500 ரூபாயும் கொடுத்து, வேலையையும் நானே செய்தேன்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. ரெண்டர் படத்தை நம்பிப் பணம் விடாதீர்கள். Solid வியூவில் பளபளப்பான MatCap போட்டு, மாடலைச் சுழற்றும் திரைப்பதிவு கேளுங்கள், நிழல் கறை அதில் ஒளிய முடியாது. வயர்ஃப்ரேமும் மாடிஃபையர் பட்டியலும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். வெட்டும் வடிவங்களோடு, பூலியன் அப்ளை ஆகாத ஃபைல் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். GLB-ஐ வாங்கி வேறு வியூவரில் திறந்து பார்க்கும் வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.