முன்னுரிமைப் பங்குகளை மீட்டல்: இலாபத்திலிருந்தா, புதிய பங்கு வழங்கலிலிருந்தா?

மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்குகளின் காலம் நெருங்கும்போது, பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி பணிப்பாளர் சபையின் முன் வந்து நிற்கும். சேர்ந்திருக்கும் இலாபத்திலிருந்து எடுக்கலாம். புதிதாகப் பங்கு வழங்கி அந்தப் பணத்தால் மீட்கலாம். இரண்டையும் கலந்தும் செய்யலாம். இலாபத்தைப் பயன்படுத்தும் வழியில் மட்டும், மீட்கப்படும் பங்குகளின் முகப்பெறுமதிக்குச் சமமான தொகையை மூலதன மீட்பு ஒதுக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இந்த விதியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்களை ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நிறையவே காணலாம். ஆனால் அது எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. அந்தப் பிரிப்புத் தெரியாமல் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தலவாக்கலைப் பக்கம் சிறுதோட்ட உரிமையாளர்களிடம் கொழுந்து வாங்கித் தேயிலை உற்பத்தி செய்யும் ஒரு கம்பனியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் சாதாரண பங்கு மூலதனம் 60 இலட்சம் ரூபா. கம்பனியின் விருப்பின்படி மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்கு மூலதனம் 40 இலட்சம். பகிராமல் நிறுத்திவைத்த இலாபம் 50 இலட்சம். கொழுந்து தந்தவர்களுக்கு அடுத்த சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டியது 30 இலட்சம், நீண்டகால வங்கிக் கடன் 40 இலட்சம் எனப் பொறுப்புகள் 70 இலட்சம். மறுபக்கம் வங்கியில் 55 இலட்சமும், தொழிற்சாலை, இயந்திரம், தேயிலை இருப்பு, தரகரிடமிருந்து வரவேண்டிய பணம் ஆகியவை சேர்ந்து 165 இலட்சமும் உள்ளன. முதலில் பங்குகளுக்கு முகப்பெறுமதி உள்ள சட்டமுறையின் கீழ் இதை அலசி, பின்னர் இலங்கையின் இன்றைய சட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

மீட்புக்கு முன் இந்தக் கம்பனிக்குக் கடன் கொடுத்தவர் எதை நம்பியிருக்கிறார்? பணிப்பாளர்கள் 50 இலட்சம் இலாபம் முழுவதையும் பங்கிலாபமாகப் பகிர்ந்துவிட்டாலும், பொறுப்புகளுக்கு மேல் 100 இலட்சம் பெறுமதியான சொத்து மிஞ்ச வேண்டும். சாதாரண மூலதனமும் முன்னுரிமை மூலதனமும் சேர்ந்த அந்த 100 இலட்சத்தைப் பங்கிலாபமாக வெளியே எடுக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. கம்பனி நட்டப்பட்டால் அந்த நட்டம் முதலில் பங்குதாரரின் இலாபத்தையும், அடுத்து இந்த 100 இலட்சத்தையும் தின்ற பிறகுதான் கொழுந்து தந்தவரின் பணத்தைத் தொடும்.

இப்போது 40 இலட்சத்தையும் இலாபத்திலிருந்து மீட்டு, ஒதுக்கம் எதையும் உருவாக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். முன்னுரிமை மூலதனம் மறைகிறது. வங்கியில் 40 இலட்சம் குறைகிறது. நிறுத்திவைத்த இலாபம் மட்டும் ஏட்டில் 50 இலட்சமாகவே நிற்கிறது. அடுத்த ஆண்டுகளில் கையில் பணம் சேரச் சேர, அந்த 50 இலட்சத்தையும் பங்கிலாபமாகக் கொடுக்க ஏட்டளவில் தடையில்லை. அப்படிக் கொடுத்தால் பொறுப்புகளுக்கு மேல் மிஞ்சுவது 60 இலட்சம் மட்டுமே. மூலதனக் குறைப்புக்கென்று சட்டம் வகுத்த நடைமுறை எதையும் பின்பற்றாமலேயே 40 இலட்சம் மூலதனம் பங்குதாரர் கைக்குப் போய்விட்டது. கடன் கொடுத்தவரின் சம்மதம் கேட்கப்படவில்லை; அவருக்குச் செய்தியும் போகவில்லை.

மூலதன மீட்பு ஒதுக்கம் அடைப்பது இந்த ஓட்டையைத்தான். நாளேட்டில் இரண்டு பதிவுகள் வேண்டும். முன்னுரிமைப் பங்கு மூலதனக் கணக்கு வரவு, வங்கிக் கணக்கு செலவு, 40 இலட்சம் என்பது முதற்பதிவு. பணம் வெளியே போனதை அது சொல்கிறது. நிறுத்திவைத்த இலாபக் கணக்கு வரவு, மூலதன மீட்பு ஒதுக்கக் கணக்கு செலவு, 40 இலட்சம் என்பது இரண்டாவது. இரண்டாவது பதிவால் ஒரு சதமும் இடம்பெயரவில்லை. பகிரத்தக்க இலாபமாக இருந்த தொகை, பகிரமுடியாத ஒதுக்கமாகப் பெயர் மாறி, மறைந்த மூலதனத்தின் இடத்தில் உட்காருகிறது. இனிப் பகிரக்கூடிய இலாபம் 10 இலட்சம் மட்டுமே. அதையும் பகிர்ந்தாலும் பொறுப்புகளுக்கு மேல் 100 இலட்சம் மிஞ்சும்.

புதிய பங்கு வழங்கலில் இந்த ஒதுக்கம் ஏன் தேவைப்படுவதில்லை என்பதற்கும் இதுவே விடை. 40 இலட்சத்துக்குச் சாதாரண பங்குகளை முகப்பெறுமதியில் வழங்கினால், போன மூலதனத்தின் இடத்தைப் புதிய மூலதனம் நேரடியாக நிரப்பிவிடுகிறது. 25 இலட்சத்துக்கு மட்டும் வழங்கினால், நிரம்பாத 15 இலட்சத்துக்கு ஒதுக்கம் வேண்டும். மீட்புக்குப் பிறகு நிலை இவ்வாறு இருக்கும். தொகைகள் இலட்சம் ரூபாவில்.

| | மீட்புக்கு முன் | முழுவதும் இலாபத்திலிருந்து | முழுவதும் புதிய பங்கு | கலந்து |
|---|---|---|---|---|
| வங்கிப் பணம் | 55 | 15 | 55 | 40 |
| ஏனைய சொத்துகள் | 165 | 165 | 165 | 165 |
| பொறுப்புகள் | 70 | 70 | 70 | 70 |
| சாதாரண மூலதனம் | 60 | 60 | 100 | 85 |
| முன்னுரிமை மூலதனம் | 40 | – | – | – |
| மூலதன மீட்பு ஒதுக்கம் | – | 40 | – | 15 |
| நிறுத்திவைத்த இலாபம் | 50 | 10 | 50 | 35 |

பங்கு மூலதனத்தையும் மீட்பு ஒதுக்கத்தையும் எந்த நிரலில் கூட்டினாலும் 100 வருகிறது. விடைத்தாளிலோ அலுவலக ஏட்டிலோ பதிவு சரிதானா என்று பார்க்க இதைவிட விரைவான சோதனை எனக்குத் தெரியாது. கூட்டுத்தொகை மீட்புக்கு முன்பு இருந்ததைவிடக் குறைந்தால் ஒதுக்கம் போதவில்லை. கூடினால், பெரும்பாலும் மீட்பின்போது கொடுத்த மிகைத் தொகையையும் சேர்த்து ஒதுக்கத்துக்கு மாற்றியிருப்பார்கள். 5 வீத மிகையுடன் மீட்டால் பங்குதாரருக்குப் போவது 42 இலட்சம். ஆனால் மறைந்த மூலதனம் 40 இலட்சம்தான், ஆகவே ஒதுக்கத்தின் கணக்கும் அதை வைத்தே. மிகையான 2 இலட்சத்தை, பொதுவிதியாக, இலாபமே தாங்க வேண்டும்.

எந்த இலாபத்தையும் ஒதுக்கத்துக்கு மாற்றிவிட முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைக் காணியை மறுமதிப்பீடு செய்து வந்த உயர்வு பங்கிலாபமாகப் பகிரத்தக்க இலாபம் அல்ல. ஆகவே மீட்புக்கும் அது உதவாது. காணிப் பெறுமதி ஏறியதால் ஒதுக்கங்கள் பெரிதாகத் தெரியும் கம்பனியில், உண்மையில் பகிரத்தக்க இலாபம் 30 இலட்சமாக மட்டும் இருக்கலாம். அப்போது 40 இலட்சத்தை முகப்பெறுமதியில் மீட்கக் குறைந்தது 10 இலட்சத்துக்காவது புதிய பங்கு வழங்கியே தீர வேண்டும்.

அட்டவணையின் முதல் வரிக்குத் திரும்புவோம். எனது கவலை அங்கேதான் இருக்கிறது. முழுவதும் இலாபத்திலிருந்து மீட்டால் வங்கியில் எஞ்சுவது 15 இலட்சம். கொழுந்துக் காசாகக் கொடுக்க வேண்டியதோ 30 இலட்சம். தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய், விற்பனையாகி, தரகர் வழியாகப் பணம் வரும்வரை கொழுந்து தந்தவர் காத்திருக்க மாட்டார். வேறு தொழிற்சாலையின் லொறிக்குக் கொழுந்தைக் கொடுத்துவிடுவார். மூலதன மீட்பு ஒதுக்கம் 40 இலட்சமாக ஐந்தொகையில் நிற்பது அந்தக் கிழமை எந்த உதவியும் செய்யாது. ஒதுக்கம் என்றதும் எங்கோ ஒரு வைப்புக் கணக்கில் எடுத்துவைத்த பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பணம் முன்னுரிமைப் பங்குதாரரிடம் போய்விட்டது. எதிர்காலத்தில் எவ்வளவு பகிரலாம் என்பதற்கான எல்லைக்கோடே ஒதுக்கம்.

புதிய பங்கு வழங்கினால் பணமும் காக்கப்படுகிறது, 50 இலட்சம் இலாபமும் பகிரத்தக்கதாகவே இருக்கிறது. அதற்கான விலை வேறு இடத்தில் கொடுக்கப்படுகிறது. புதிய பங்குகள் வெளியாருக்குப் போனால், 60 இலட்சம் மூலதனம் வைத்திருந்த பழைய பங்குதாரர்களின் வாக்குரிமை நூற்றுக்கு அறுபதாகச் சுருங்கிவிடும். குடும்பமாக நடத்தும் கம்பனியில் இது சிறிய விடயமன்று. நூற்றுக்கு எழுபத்தைந்து தேவைப்படும் சிறப்புத் தீர்மானத்தை அவர்கள் தனித்து இனி நிறைவேற்ற முடியாது. கலந்து செய்யும் வழியில் அவர்களின் பங்கு 85இல் 60, அதாவது ஏறத்தாழ 70.6 வீதம். அதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். 20 இலட்சத்துக்கு மட்டும் புதிய பங்கு வழங்கினால் 80இல் 60, சரியாக 75 வீதம். வங்கியில் 35 இலட்சம் மிஞ்சும், கொழுந்துக் காசைக் கொடுக்கலாம், ஒதுக்கம் 20, பகிரத்தக்க இலாபம் 30. நான் அந்தச் சபையில் இருந்தால் இந்தப் பிரிப்பையே முன்மொழிவேன்.

இவ்விதியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. இன்று அங்கே 2006ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் 733ஆம் பிரிவும், இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன. பங்குகள் முழுவதும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதும், முழுமையாகச் செலுத்தப்பட்ட இலவசப் பங்குகளை வழங்க இந்த ஒதுக்கத்தைப் பயன்படுத்தலாம் என்பதும் இரண்டுக்கும் பொது. இலவசப் பங்கு வழங்கினால் ஒதுக்கம் மீண்டும் பங்கு மூலதனமாகிவிடுவதால் 100 இலட்சம் கலையாது. அதனால்தான் அந்தப் பயன்பாடு அனுமதிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் தனியார் கம்பனிகள் மட்டும், கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மூலதனத்திலிருந்தும் மீட்கலாம்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் முகப்பெறுமதியை நீக்கி, கூறப்பட்ட மூலதனம் என்ற கருத்தையும் கடன் தீர்க்கும் வல்லமைச் சோதனையையும் கொண்டுவந்தது. அந்தச் சோதனைக்கு இரண்டு கால்கள். வழமையான தொழில் நடப்பில் கடன்கள் தவணைக்கு வரும்போது கம்பனியால் அவற்றைக் கொடுக்க முடிய வேண்டும். சொத்துகளின் பெறுமதி, பொறுப்புகளும் கூறப்பட்ட மூலதனமும் சேர்ந்த தொகையை விஞ்ச வேண்டும். நமது கம்பனியின் கூறப்பட்ட மூலதனம் 100 இலட்சமாகவே நிற்குமாயின், முழுவதும் இலாபத்திலிருந்து மீட்ட பின் சொத்து 180, எதிரே 170. இரண்டாவது கால் நிற்கிறது. அடுத்துப் பகிரக்கூடியது 10 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பழைய முறையில் மூலதன மீட்பு ஒதுக்கம் போட்ட அதே எல்லைக்கோட்டுக்கு வேறு பாதையால் வந்து சேர்கிறோம். கூறப்பட்ட மூலதனத்தை 60ஆகக் குறைத்தால் கோடும் கீழே இறங்கும். அந்தக் குறைப்புக்குச் சட்டம் சிறப்புத் தீர்மானமும் பகிரங்க அறிவித்தலும் கேட்கிறது. கடன் கொடுத்தவர் அறியாமல் அது நடக்காது.

முதற்கால் கேட்கும் கேள்வி பழைய விதியில் இல்லாதது: 15 இலட்சத்தை வைத்துக்கொண்டு 30 இலட்சம் கொழுந்துக் காசை எப்படிக் கொடுப்பீர்கள்? தரகரிடமிருந்து வரவேண்டிய பணம் எந்தத் திகதியில் எவ்வளவு வரும் என்று காட்டும் காசுப் பாய்ச்சல் மதிப்பீடு கையில் இல்லாமல், எந்தப் பணிப்பாளரும் இதற்கு ஆம் என்று ஒப்பமிடக் கூடாது.