ரெக்ரூட்டருக்கு எழுதிய இரண்டு வரைவுகள்

மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் மூன்று ஆண்டுகளாக சப்போர்ட் இன்ஜினியராக இருக்கும் என் அக்கா மகள், அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தரும் சான்றிதழ்களில் ஒன்றான, SAA-C03 என்ற குறியீடு கொண்ட சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் அண்மையில் தேறினாள். பிப்ரவரியில் தன்னை சப்போர்ட் வேலைக்கு மட்டும் கூப்பிட்டிருந்த சென்னை ரெக்ரூட்டருக்கு அதைத் தெரிவிக்க இரண்டு வரைவுகளை எழுதி, "சித்தி, எதை அனுப்பட்டும்?" என்று கேட்டாள்.

வாட்ஸ்அப்புக்கான முதல் வரைவு இது: "வணக்கம் சார். ஏடபிள்யூஎஸ் தேர்வில் 812 மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறேன். சான்றிதழின் படத்தை இணைத்துள்ளேன். நல்ல வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்."

இரண்டாவது, பிப்ரவரி மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்ப எழுதியது: "வணக்கம். சப்போர்ட் பணி தொடர்பாக பிப்ரவரியில் தங்களிடம் பேசியிருந்தேன். இப்போது SAA-C03 தேறியுள்ளேன். சரிபார்க்கும் இணைப்பு கீழே உள்ளது. அலுவலகத்தில் நான்கு சர்வர்களின் பேக்கப்பை ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்3 சேமிப்பகத்துக்கு மாற்றும் வேலையைச் செய்தேன். ஜூனியர் கிளவுட் இன்ஜினியர் பணிகளுக்கு என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். நோட்டீஸ் காலம் 60 நாள். புதிய ரெஸ்யூமை இணைத்துள்ளேன்."

முதல் வரைவு உடனே கண்ணில் படும் என்பது உண்மைதான். ஆனால் அது அவருடைய கைப்பேசியிலேயே தங்கிவிடும். ஆட்களைத் தேடும்போது ரெக்ரூட்டர் தம் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் குறிச்சொல் போட்டுத்தான் தேடுகிறார். அங்கே இருப்பதோ "டெக்னிகல் சப்போர்ட்" என்று எழுதிய இவளுடைய பழைய ரெஸ்யூம். புதிய கோப்பு அங்கே ஏறாதவரை கிளவுட் பணிக்கான தேடலில் இவள் பெயர் வராது. புதிய ரெஸ்யூமுடன் வந்த மின்னஞ்சல்தான் அந்தக் கோப்பை மாற்ற வழி செய்கிறது.

மதிப்பெண்ணுக்குச் செலவழித்த வரியும் வீண். ஆயிரத்துக்கு 720 எடுத்தாலே தேர்ச்சி, அதற்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் சான்றிதழ் ஒன்றுதான். படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்; சான்றிதழைச் சரிபார்க்க உதவும் Credly தளத்தின் இணைப்பைத் திறந்தால் பெயரும், தேறிய நாளும், மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும் நாளும் தெரியும்.

என் பார்வையில் பெரிய வேறுபாடு "நல்ல வாய்ப்பு" என்ற சொல்லில் இருக்கிறது. ரெக்ரூட்டரிடம் இருப்பவை பெயரிடப்பட்ட காலியிடங்கள். எதில் பொருத்துவது என்பதை இவளே சொல்லாவிட்டால் வாழ்த்துச் சொல்லி முடித்துக்கொள்வார். இரண்டாம் வரைவில் முதலில் "சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் பணி" என்றே எழுதியிருந்தாள். சான்றிதழின் பெயர் அதுவானாலும், மூன்றாண்டு சப்போர்ட் அனுபவத்துக்கு அந்தப் பதவியைக் கேட்டால் விண்ணப்பம் ஒதுக்கப்படும் என்று சொல்லி மாற்றச் சொன்னேன். பேக்கப் வேலையைப் பற்றிய வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது என்றேன், ஏனெனில் படித்ததைக் கையால் செய்தவள் என்று காட்டுவது அது ஒன்றுதான்.

இரண்டாவதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, "தங்கள் பிப்ரவரி மின்னஞ்சலுக்குப் புதிய ரெஸ்யூமுடன் பதில் அனுப்பியுள்ளேன்" என்ற ஒரே வரியை வாட்ஸ்அப்பில் போட்டாள்.