19 மில்லிமீற்றர் மணிக்கூட்டில் 18 மில்லிமீற்றர் தோல் பட்டி

நான் நெடுநாள் கட்டியிருந்த தோல் பட்டியையே தமது பழைய கைமணிக்கூட்டுக்கும் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தோலில் குறை சொல்ல எதுவுமில்லை. யாழ்ப்பாணத்து வெயிலிலும் வியர்வையிலும் தையல் பிரியவில்லை. நிறம் சற்றுக் கருத்து முன்னையிலும் அழகாயிற்று. ஆயினும் அதைக் கழற்றிவிட்டேன். பட்டியைப் பிடித்திருக்கும் கொம்புகளுக்கு இடையே என் மணிக்கூட்டில் 19 மில்லிமீற்றர் இருக்கிறது. பட்டியின் அகலமோ 18.

நடுவில் நின்றால் பக்கத்துக்கு அரை மில்லிமீற்றர்தான். ஆனால் பட்டி நடுவில் நிற்பதில்லை. கையை அசைக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் நகர்ந்து, மறுபக்கத்தில் முழு மில்லிமீற்றரையும் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பின்னைக் காட்டுகிறது. அந்தத் திறப்பில் வியர்வையும் புழுதியும் சேர்கின்றன. நகரும் விளிம்பு கொம்பில் உரசித் தேய்கிறது. இவ்வளவு நல்ல தோலை இப்படி வீணாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதை வாங்கிய அன்று கடைக்காரர் அளந்தது அதற்கு முன் கட்டியிருந்த பட்டியின் நுனியை, மணிக்கூட்டை அல்ல. பாவித்த தோல் ஓரங்களில் தேய்ந்து ஒடுங்கிவிடும் என்பதால் அந்த அளவு உண்மையைவிடக் குறைவாகவே வரும். பின்னின் நீளமும் உதவாது. அதன் இரு முனைகளும் கொம்புத் துளைகளுக்குள் நுழைய வேண்டியிருப்பதால் அது இடைவெளியைவிட நீளமானது. பட்டியைக் கழற்றிவிட்டுக் கொம்புகளின் உட்சுவர்களுக்கு இடையே, பின் துளைகளுக்கு அருகில் அளப்பதே சரி. சில மணிக்கூடுகளில் கொம்புகள் நுனியை நோக்கி விரிவதால் அங்கே அளந்தால் அளவு கூடிவிடும்.

அடிமட்டத்தில் எனக்குப் பதினெட்டரைக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் ஏதோ ஒன்றுதான் தெரிந்தது. உயர்தர பௌதிகவியல் செய்முறையில் பிடித்த அதே வேணியர் இடுக்கிமானியின் உட்தாடைகளை அழுத்தாமல் விரித்து, சற்றே இப்படியும் அப்படியும் திருப்பி, கிடைத்த மிகக் குறைந்த வாசிப்பை எடுத்தேன். தாடை சரிந்திருந்தால் வாசிப்பு கூடும் என்பதால் குறைந்ததே உண்மையானது. 18.9 வந்தது. கொம்பின் பூச்சைக் கருதினால் அது 19 தான்.

20 மில்லிமீற்றர்ப் பட்டியை வாங்கி நெருக்கிச் செருகலாம் என்பார்கள். மென்மையான தோல் இணங்கும். ஆனால் ஓரம் மடிந்து புடைத்து நிற்கும். உலோகப் பட்டி நுழையவே நுழையாது.

இப்போது கட்டியிருப்பது 19 மில்லிமீற்றர்ப் பட்டி. தோல் தடிப்பு, வாசனை மட்டம், வளைய மறுக்கிறது. ஆனாலும் கொம்போடு கொம்பாகப் பொருந்தி அசையாமல் நிற்பதால் என் தெரிவு இதுவே. நண்பரின் மணிக்கூடு 18 என்று அளவில் வந்தால் அவர் பழையதையே தயங்காமல் வாங்கட்டும். எனக்கு அது கிடையாது. அந்தத் தோலில் 18, 20, 22 மட்டுமே வருகின்றன.