வாசகரின் ஊர் நேரத்துக்கு மின்னஞ்சல் அனுப்புதல்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் இயங்கும் ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகத்துக்காகச் செய்திமடலும் முகநூல் பதிவுகளும் அனுப்பும் பொறுப்பை மூன்று ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எங்கள் சந்தாதாரர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் கூடுதலானவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மற்றவர்கள் சிங்கப்பூர், வளைகுடா நாடுகள், லண்டன், டொராண்டோ, சிட்னி எனப் பரவியிருக்கிறார்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் இந்திய நேரம் இரவு எட்டு மணிக்கு ஒரே மடலாக அனுப்பினோம். அந்த நேரத்தில் டொராண்டோவில் காலை, வாசகர் அலுவலக வேலையில் இருப்பார். சிட்னியிலோ நள்ளிரவு கடந்திருக்கும். ஆகவே, ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் ஊர் நேரப்படி அனுப்பும் வசதி கொண்ட ஒரு மின்னஞ்சல் சேவைக்கு மாறினோம். அந்த வசதியோடு பழகிய அனுபவமே இந்தப் பகிர்வு.

வாசகரின் நேர மண்டலத்தை இந்தச் சேவை எப்படி அறிகிறது என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. யாரையும் கேட்டு அறிவதில்லை. சந்தா படிவத்தை நிரப்பிய கணினியின் இணைய முகவரியையும், பிறகு மடலைத் திறந்த இடத்தின் முகவரியையும் கொண்டு ஊகிக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் எங்கள் அரங்கில் ஒரு டேப்லெட்டை வைத்து, வருகிறவர்களைச் சந்தாவில் சேர்த்துக்கொண்டிருந்தோம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் கனடா, சிங்கப்பூர் வாசகர்கள் பலர் ஆர்வத்தோடு அதில்தான் பதிந்தார்கள். படிவம் நிரப்பப்பட்ட இடம் அரங்கு என்பதால், அத்தனை பேரும் Asia/Kolkata என்ற இந்திய நேர மண்டலத்திலேயே பதிவானார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் இது தானாகத் திருந்தவில்லை. மடலில் உள்ள படம் எந்த முகவரியிலிருந்து இறக்கப்படுகிறது என்பதை வைத்தே திறந்த இடத்தைச் சேவை அறிகிறது. ஆனால் ஜிமெயில் படங்களைக் கூகுளின் சேவையகங்கள் வழியாகவும், 2021 முதல் ஆப்பிள் மெயிலின் தனியுரிமைப் பாதுகாப்பு அவற்றை இடைநிலைச் சேவையகங்கள் வழியாகவும் இறக்குகின்றன. அதனால் மடல் திறக்கப்பட்ட இடம் சேவைக்குச் சரியாகத் தெரிவதில்லை.

இதை நான் கண்டுபிடித்தது ஒரு வாசகியின் ஆர்டரால்தான். புத்தகங்களை டொராண்டோவின் ஸ்கார்பரோ முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார், ஆனால் சந்தாப் பட்டியலில் அவர் இந்திய நேரத்தில் இருந்தார். அன்று மாலையே அனுப்பும் முகவரிகளையும் நேர மண்டலப் பத்தியையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். புத்தகக் காட்சி வழியாகச் சேர்ந்து, பின்னர் வெளிநாட்டு முகவரிக்கு வாங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோருமே தவறான மண்டலத்தில் இருந்தார்கள். இப்போது படிவத்தில் "எந்த ஊரில் வசிக்கிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். அந்தப் பதிலையும், ஆர்டர் இருந்தால் அதன் முகவரியையும் கொண்டே மண்டலத்தை நிரப்புகிறோம். சேவையின் ஊகத்தை இவை இரண்டும் இல்லாதபோது மட்டுமே ஏற்கிறோம்.

இரண்டாவது பாடம் பணம் சார்ந்தது. ஒரு ஜனவரியில் "ஞாயிறு நள்ளிரவு வரை 25 சதவீதத் தள்ளுபடி" என்று அறிவித்தோம். கூப்பன் ஞாயிறு இரவு பன்னிரண்டு மணிக்கு, அதாவது இந்திய நேரப்படி, காலாவதியாகும்படி கடைத்தளத்தில் அமைத்திருந்தோம். "இன்றே கடைசி" என்ற நினைவூட்டல் மடலை ஞாயிறு மாலை எட்டு மணிக்கு, அவரவர் ஊர் நேரப்படி அனுப்பினோம். இந்தியாவில் நள்ளிரவாகும்போது டொராண்டோவில் ஞாயிறு பிற்பகல் ஒன்றரை மணிதான். ஆகவே அங்குள்ளவர்களுக்குக் கூப்பன் செத்து ஆறரை மணி நேரம் கழித்து "இன்றே கடைசி" என்று மடல் போயிருந்தது. திங்கள் காலை வந்த வருத்தம் தோய்ந்த பதில்களைப் படிக்கையில், நம்மை நம்பிக் கூடையில் புத்தகம் சேர்த்தவரை வாசலில் நிறுத்திக் கதவை மூடியது போல இருந்தது. அவர்கள் எல்லோருக்கும் தனிக் கூப்பன் கொடுத்தோம்.

அதன் பிறகு ஒரு முறையை வைத்துக்கொண்டோம். மடலில் "ஞாயிறு நள்ளிரவு வரை, உங்கள் ஊர் நேரப்படி" என்று எழுதுகிறோம். எங்கள் வாசகர்களில் கடைசியாக நள்ளிரவைக் காண்பவர்கள் கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அவர்களுடைய நள்ளிரவு நமக்குத் திங்கள் பிற்பகல் ஒன்றரை மணி. எனவே கூப்பனைத் திங்கள் இரண்டு மணிக்கு முடிக்கிறோம். சென்னையில் யாராவது திங்கள் காலையில் அதைப் பயன்படுத்திக்கொண்டால் நமக்கு நட்டமில்லை.

கோடை நேர மாற்றம் அடுத்தது. சேவையின் ஊகம் பொய்த்த காலத்தில், மண்டல வாரியாகப் பட்டியலைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இந்திய நேரத்தில் ஒரு நிலையான மணியைக் குறித்துவைத்து அனுப்பிப் பார்த்தேன். மார்ச் வரை எல்லாம் சரியாகவே இருந்தது. வட அமெரிக்காவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறும், பிரிட்டனில் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறார்கள். இந்தியாவும் சிங்கப்பூரும் நகர்த்துவதில்லை. சிட்னியில் ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னோக்கி நகர்கிறது. ஆக, அந்தச் சில வாரங்களில் ஊர்களுக்கு இடையிலான இடைவெளி மூன்று முறை மாறுகிறது. இதற்கு ஒரே வழி, மண்டலத்தை "-5" போன்ற எண்ணாக அல்லாமல் "America/Toronto" போன்ற பெயராகச் சேமித்து, ஒவ்வொரு முறையும் தேதியோடு சேர்த்துக் கணக்கிடுவது.

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo
for m, d in [(3, 8), (3, 15)]:
    t = datetime(2025, m, d, 20, 0,
                 tzinfo=ZoneInfo("America/Toronto"))
    print(t.astimezone(ZoneInfo("Asia/Kolkata")))
```

டொராண்டோவின் சனிக்கிழமை இரவு எட்டு மணி முதல் வாரத்தில் நமக்கு ஞாயிறு காலை 6:30 என்றும், அடுத்த வாரத்தில் 5:30 என்றும் வரும்.

எந்தக் கிழமை என்பதில் வளைகுடா தனிக் கவனம் கேட்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறை வார விடுமுறையாக்கி, வெள்ளியை அரை நாளாக்கிவிட்டது. சவுதி, கத்தார், குவைத்தில் இன்றும் வெள்ளியும் சனியும்தான். சனி மாலை துபாய் வாசகர் ஓய்வாக இருக்கும்போது, தோஹா வாசகர் மறுநாள் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருப்பார். அதனால் அப்பகுதி முழுவதற்கும் வெள்ளி மாலையைத் தேர்ந்தோம்; எந்த நாட்டுக் கணக்கிலும் அது ஓய்வு நேரம். நேரத்தின் பலனை, திறந்தோர் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதை விட்டுவிட்டேன். ஆப்பிள் மெயில், வாசகர் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், அந்த எண் மெய்யான வாசிப்பைச் சொல்வதில்லை. கிளிக்குகளையும் ஆர்டர்களையும் மட்டுமே நான்கு மடல்களுக்கு ஒரு முறை ஒப்பிடுகிறேன்.

முகநூல் பதிவை மடலைப் போல ஊர் ஊராகப் பிரித்து அனுப்புவதில்லை; பக்கத்தில் ஒரு பதிவு, அதற்கு ஒரே நேரம். இந்திய நேரம் இரவு ஏழரையில் துபாயில் மாலை ஆறு, சிங்கப்பூரில் இரவு பத்து, லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டு, டொராண்டோவில் காலை ஒன்பது. எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பரந்த பொது நேரம் கிடைக்கவில்லை. சிட்னி மட்டும் அதில் விடுபடுகிறது. அங்குள்ளவர்களுக்காக அதே புத்தகத்தை வேறொரு பக்கத்தின் மேற்கோளோடு மறுநாள் இந்திய நேரம் பிற்பகல் இரண்டரைக்குப் பதிகிறேன். அங்கே கோடைக்காலத்தில் அது இரவு எட்டு. அந்தப் பதிவின்கீழ் வரும் பின்னூட்டங்கள் குறைவுதான். ஆனால் அவற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் பதிவை ஒருபோதும் பார்க்காதவர்களாகவே இருக்கிறார்கள்.